வர்க்கத்தின் மேல் வர்க்கம்

1978-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்கக் கணிப்பொறியாளர் சங்கமொன்றின் மாத இதழில், மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூட்டும் சாவியை ஊரறியப் பிரகடனம் செய்துவிட்டு, திறக்கும் சாவியை மட்டும் தன்னிடம் மறைத்து வைத்துக்கொள்ளக் கூடிய ஒரு சங்கேத முறையை விவரிக்கும் கட்டுரை அது. பின்னாளில் அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்.எஸ்.ஏ. என்று உலகம் அழைக்கலாயிற்று. அந்தக் கட்டுரையின் நடுவே, கையால் போட்டுப் பார்க்கத் தக்க ஒரு சிறு உதாரணம் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் ஸீஸர் நாடகத்தில் வரும் ஒரு வசனத்தைச் சற்றே மாற்றி எடுத்துக்கொண்டு, ஆங்கில எழுத்துகளுக்கு அவற்றின் வரிசைப்படி 01, 02 என்று இலக்கமிட்டு, இரண்டிரண்டு எழுத்துகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு எழுத்துகள் I, T. அவற்றுக்குரிய இலக்கங்கள் 09, 20. ஆகவே முதல் துண்டு 920 என்னும் எண்.

பூட்டுவதற்குப் பகிரங்கமாகக் கொடுக்கப்பட்ட எண்கள் 17, 2773 என்னும் இரண்டு. 920-ஐ 17-ஆம் அடுக்குக்கு உயர்த்தி, வரும் தொகையை 2773-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் 948 கிடைக்கிறது. அதுவே அனுப்பப்படும் சங்கேதம். பெற்றுக்கொள்பவர் கையில் 157 என்னும் இரகசிய எண் இருக்கிறது. அவர் 948-ஐ 157-ஆம் அடுக்குக்கு உயர்த்தி, மறுபடியும் 2773-ஆல் வகுத்து மீதி கண்டால், போன 920 திரும்பி வந்துவிடுகிறது. ஏன் திரும்பி வருகிறது என்பதற்கு 2773 என்பது 47, 59 என்னும் இரண்டு பகா எண்களின் பெருக்கம் என்பதும், 17-ஐ 157-ஆல் பெருக்கினால் வரும் 2669, 46-ஐ 58-ஆல் பெருக்கினால் வருவதைவிட ஒன்றே ஒன்று கூடுதல் என்பதும் காரணம். அந்தக் காரணத்தை விரிக்கப் புகுந்தால் அது தனிக் கட்டுரையாகிவிடும். எனக்கு இப்போது வேண்டியது அதைவிடச் சாமானியமான ஒரு கேள்வி: 948-இன் 157-ஆம் அடுக்கை ஒருவர் எப்படித்தான் கணக்கிடுவது?

சொன்னதைச் சொன்னபடி செய்வதென்றால், 948-ஐ 948-ஆல் பெருக்கி, வந்ததை மீண்டும் 948-ஆல் பெருக்கி, இவ்வாறு 156 பெருக்கல்கள் செய்ய வேண்டும். முடிவில் காகிதத்தின் மேல் நிற்கும் எண்ணில் 468 இலக்கங்கள் இருக்கும். அதன் பிறகு அதை 2773-ஆல் வகுத்து நான்கு இலக்கங்களுக்கு உட்பட்ட ஒரு மீதியைக் காண வேண்டும். இந்தப் பிரயாசையில் இரண்டு பாரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன என்பதைக் கவனித்தல் வேண்டும். பெருக்கல்கள் பலவாக இருப்பது ஒரு பாரம். பெருக்கப்படும் எண்கள் ஒவ்வொரு படியிலும் பருத்துக்கொண்டே போவது மற்றொரு பாரம். இவ்விரண்டும் தனித்தனியே நீங்கும் தன்மையுடையவை. நீக்கும் உபாயங்களும் தனித்தனி.

எண் பருப்பதை நிறுத்துவது எளிது. இறுதியில் வேண்டியது மீதி மட்டுமே என்றால், இடையிலும் மீதியை மட்டுமே வைத்துக்கொண்டால் போதும். ஓர் எண்ணை, 2773-இன் ஏதோ ஒரு மடங்கும் அதன் மேல் ஒரு மீதியும் சேர்ந்தது என்று எழுதிக்கொண்டு, அதை வேறோர் எண்ணால் பெருக்கிப் பார்த்தால், அந்த மடங்கிலிருந்து பிறப்பவை யாவும் மீண்டும் 2773-இன் மடங்குகளாகவே இருக்கும். முடிவான மீதியில் அவற்றுக்குப் பங்கே இல்லை. ஆகையால் ஒவ்வொரு பெருக்கலும் முடிந்தவுடன் 2773-ஆல் வகுத்து, மீதியை வைத்துக்கொண்டு மற்றதைத் தூர எறிந்துவிடலாம். கையிலிருக்கும் எண் எப்போதும் 2772-க்கு மேற்படாது. இரண்டு மீதிகளின் பெருக்கம் ஏழு இலக்கங்களைத் தாண்டாது. ஏழு இலக்கம் வரை போவதும் உடனே நான்கிலக்கத்துக்குள் இறங்குவதுமாக, எண் ஒரு வரம்புக்குள் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அப்படியும் 156 பெருக்கல்கள் இருக்கின்றனவே என்றால், அவற்றைக் குறைக்கும் வழிதான் வர்க்கித்தல். 948-ஐத் தன்னோடு தானே பெருக்கினால் இரண்டாம் அடுக்கு கிடைக்கிறது. அதற்குப் பிறகு 948-ஆலேயே பெருக்கி மூன்றாம் அடுக்குக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் என்ன? கையிலிருக்கும் இரண்டாம் அடுக்கையே வர்க்கித்தால் ஒரே பெருக்கலில் நான்காம் அடுக்கு. அதை வர்க்கித்தால் எட்டாம் அடுக்கு. ஒவ்வொரு வர்க்கமும் அடுக்கை இரட்டிக்கிறது. ஆனால் இப்படிப் போனால் 2, 4, 8, 16 என்னும் அடுக்குகளில் மட்டுமே கால் வைக்கலாம்; 157-ஐ எட்டுவதற்கு, இடையிடையே அடிப்படை எண்ணாகிய 948-ஆல் ஒரு தடவை பெருக்கி அடுக்கில் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். எந்தெந்த இடத்தில் அவ்வாறு கூட்டுவது என்பதை 157-ஏ சொல்கிறது. இரட்டித்தலையே அடிப்படையாகக் கொண்ட இரும முறையில் 157-ஐ எழுதினால் 10011101 என்று எட்டு இலக்கங்களாக வரும். அதாவது 128, 16, 8, 4, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. இடக்கோடியில் உள்ள முதல் 1-ஐ, தொடக்கத்தில் கையிலிருக்கும் 948 என்று கொள்ள வேண்டும். அதன் பிறகு இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு முறை வர்க்கிக்க வேண்டும். அந்த இலக்கம் 1 ஆக இருந்தால், வர்க்கித்தபின் 948-ஆல் ஒரு முறை பெருக்கவும் வேண்டும். விதி இவ்வளவே.

இதைப் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. வாசகர்களையும் என்னோடு உட்காரும்படி அழைக்கிறேன். முதல் 1 கையில் இருக்கிறது: 948. அடுத்தது 0. ஆகவே வர்க்கம் மட்டும்: 898704. அதில் 2773-இன் 324 மடங்காகிய 898452 போக, மீதி 252. இது இரண்டாம் அடுக்கு. அடுத்ததும் 0. 252-இன் வர்க்கம் 63504, மீதி 2498. இது நான்காம் அடுக்கு. இவ்விடத்தில் ஒரு சிறு சௌகரியத்தைச் சொல்லிவிடுகிறேன். 2498 என்பது 2773-க்கு 275 குறைவு. மீதிக் கணக்கில் 2498-ம், 275-இன் எதிர்மறையும் ஒன்றேயாதலால், 2498-ஐ வர்க்கிப்பதற்குப் பதிலாக 275-ஐ வர்க்கித்தால் போதும். வர்க்கத்தில் எதிர்மறைக் குறி மறைந்துவிடும். கையால் கணக்கிடுபவனுக்கு இது பெரிய உபகாரம்.

அடுத்த இலக்கம் 1. 275-இன் வர்க்கம் 75625; மீதி 754. இது எட்டாம் அடுக்கு. இலக்கம் 1 ஆதலால் 754-ஐ 948-ஆல் பெருக்க 714792, மீதி 2131. இது ஒன்பதாம் அடுக்கு. மறுபடியும் 1. 2131-ஐ வர்க்கித்தால் 18-ஆம் அடுக்காகிய 1760 மீதியாகிறது. 948-ஆல் பெருக்கினால் 19-ஆம் அடுக்காகிய 1907. இன்னும் ஒரு 1. வர்க்கித்தால் 38-ஆம் அடுக்கு 1246. பெருக்கினால் 39-ஆம் அடுக்கு 2683. இது 2773-க்கு 90 குறைவு என்பதைக் கண்டவுடன் மனம் குளிர்கிறது. ஏனெனில் அடுத்த இலக்கம் 0, வர்க்கம் 8100, மீதி 2554. இது 78-ஆம் அடுக்கு. கடைசி இலக்கம் 1. 2554 என்பது 219 குறைவு, 219-இன் வர்க்கம் 47961, மீதி 820. இது 156-ஆம் அடுக்கு. அதை 948-ஆல் ஒரு தடவை பெருக்க 777360. 2773-இன் 280 மடங்காகிய 776440-ஐக் கழிக்க, மீதி 920. I, T என்னும் இரண்டு எழுத்துகள் திரும்பி வந்துவிட்டன.

எத்தனை பெருக்கல்கள் ஆயின? ஏழு வர்க்கங்கள், 948-ஆல் நான்கு பெருக்கல்கள், ஆக 11. நூற்றைம்பத்தாறு செய்ய வேண்டிய இடத்தில் பதினொன்று.

இந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்பதுதான் நான் நின்று நிதானித்துப் பார்க்க விரும்பும் விஷயம். ஓர் எண்ணுக்கு மதிப்பு என்று ஒன்று உண்டு. அதை எழுதும்போது வரும் நீளம் என்று வேறொன்று உண்டு. பத்து லக்ஷம் என்பது மதிப்பில் பெரிது. எழுதினால் ஏழே இலக்கங்கள். ஒவ்வொன்றாகப் பெருக்கிப் போகிறவன் அடுக்கின் மதிப்பை விலையாகக் கொடுக்கிறான். வர்க்கித்துப் போகிறவனோ அதன் நீளத்தை மட்டும் கொடுத்துத் தப்பித்துக்கொள்கிறான். நாம் 157 என்னும் எண்ணை ஒன்றிரண்டாக எண்ணிப் பார்க்கவே இல்லை. அதன் எட்டு இலக்கங்களை இடமிருந்து வலமாக ஒரு முறை வாசித்தோம், அவ்வளவுதான். ஓர் எண்ணின் மதிப்புக்கும் அதன் இரும நீளத்துக்கும் உள்ள உறவையே இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை என்று கணிதம் பெயரிட்டிருக்கிறது. அடுக்கு இருமத்தில் k இலக்கம் உள்ளதாயின், வர்க்கங்கள் k-க்கு ஒன்று குறைவு. கூடுதல் பெருக்கல்கள், முதல் 1 நீங்கலாக எத்தனை 1-கள் உண்டோ அத்தனை. எல்லா இலக்கங்களும் 1 ஆக அமைந்துவிட்டாலும் மொத்தம் அந்த வர்க்கங்களைப் போல் இரு மடங்குக்கு மேல் போகாது. அடுக்கின் மதிப்பை இரட்டித்தால் வேலை இரட்டிப்பதில்லை. ஒரே ஒரு வர்க்கம் கூடுகிறது.

இதைவிடக் குறைவாகச் செய்ய முடியுமா என்று கேட்பதும் நியாயமே. கையில் இதுவரை சேர்ந்திருக்கும் அடுக்குகளில் பெரியது எதுவோ அதைத் தன்னோடு தானே பெருக்கினால் அது இரட்டிக்கும்; வேறு எந்தப் பெருக்கலும் அதைவிட மேலே கொண்டுபோகாது. ஆகவே ஏழு பெருக்கல்களில் எட்டக் கூடிய உச்ச அடுக்கு 128. 157 அதற்கு மேற்பட்டது. எத்தகைய மேதையாலும் எட்டுக்குக் குறைந்த பெருக்கல்களில் அதை அடைய இயலாது. நாம் பதினொன்றில் அடைந்தோம். மீதமிருக்கும் லாபம் மூன்றுக்கு மேல் இல்லை என்று தெரிந்துகொண்டு மேலே செல்லலாம்.

மேலே சொன்ன இரண்டு உபாயங்களில் ஒன்று மட்டும் போதும் என்று சிலர் நினைப்பதுண்டு, அது பிழை. இன்று நடைமுறையில் வழங்கும் ஆர்.எஸ்.ஏ. சாவிகளில் வகுக்கும் எண் பொதுவாக 2048 இரும இலக்கங்கள் உடையது. நம் வழக்கமான பதின்ம முறையில் எழுதினால் 617 இலக்கங்கள். இரகசிய அடுக்கும் ஏறக்குறைய அதே நீளம் இருக்கக் கூடும். வர்க்கிக்கும் வழியில் அதற்கு 2047 வர்க்கங்களும், 1-களும் 0-களும் சரிபாதி என்று கொண்டால் சுமார் ஆயிரம் கூடுதல் பெருக்கல்களும், ஆக மூவாயிரத்துச் சொச்சம் பெருக்கல்கள் வேண்டும். சாதாரணக் கணிப்பொறி இமைப்பொழுதில் முடித்துவிடும். ஒவ்வொன்றாகப் பெருக்கும் வழியில் வேண்டிய பெருக்கல்களின் எண்ணிக்கையே 617 இலக்கமுள்ள ஓர் எண். பிரபஞ்சம் தோன்றிய நாள் தொட்டு வினாடிக்கு நூறு கோடி பெருக்கல்கள் செய்துவந்திருந்தாலும், இன்றைக்கு 27 இலக்கமுள்ள ஓர் எண்ணைத்தான் எட்டியிருப்போம். மறுபுறம், மீதி எடுக்காமல் வர்க்கித்துக்கொண்டு மட்டும் போனால், பெருக்கல்களின் எண்ணிக்கை மூவாயிரமாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு வர்க்கமும் எண்ணின் நீளத்தை இரட்டிப்பதால், நூறாவது வர்க்கம் வருவதற்கு வெகு முன்பே உலகத்திலுள்ள காகிதமெல்லாம் போதாமல் போய்விடும். பெருக்கல்கள் குறைவதற்கு வர்க்கமும், ஒவ்வொரு பெருக்கலும் சிறிதாக இருப்பதற்கு மீதியும் என்று இரண்டும் கைகோத்து நின்றால்தான் காரியம் நடக்கும்.

இந்த வர்க்கிக்கும் முறை கணிப்பொறியோடு பிறந்ததன்று. கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் வாழ்ந்தவராகக் கருதப்படும் பிங்களர், வடமொழி யாப்புக்கு இலக்கணமாகச் செய்த சந்தஸ் சூத்திரங்களில் இதைக் கூறியிருக்கிறார். செய்யுளின் ஒவ்வோர் அசையும் லகுவாகவோ குருவாகவோ இருக்கலாம் என்பதால், குறிப்பிட்ட எண்ணிக்கை அசைகள் கொண்ட ஓர் அடி எத்தனை விதமாக அமையக்கூடும் என்று அறிய, இரண்டை அத்தனை தடவை பெருக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் வகுத்த வழி இது: அசைகளின் எண்ணிக்கை இரட்டையானால் பாதியாக்கி, 2 என்று ஓர் அடையாளம் இடுக, ஒற்றையானால் ஒன்றைக் கழித்து, சூனியம் என்று அடையாளம் இடுக, இவ்வாறு ஒன்றுமில்லாமல் ஆகும் வரை செய்க. பிறகு 1-இலிருந்து தொடங்கி, அடையாளங்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கி வாசித்து, சூனியம் வந்தால் இரட்டிக்க, 2 வந்தால் வர்க்கிக்க.

திருஷ்டுப் என்னும் விருத்தத்தின் அடிக்குப் பதினோரு அசைகள். 11 ஒற்றை, ஒன்றைக் கழிக்க 10, அடையாளம் சூனியம். பாதி 5, அடையாளம் 2. ஒற்றை, 4, சூனியம். பாதி 2, அடையாளம் 2. பாதி 1, அடையாளம் 2. ஒற்றை, கழிக்க ஒன்றுமில்லை, சூனியம். இனித் திரும்பி வருவோம். 1-ஐ இரட்டிக்க 2, வர்க்கிக்க 4, வர்க்கிக்க 16, இரட்டிக்க 32, வர்க்கிக்க 1024, இரட்டிக்க 2048. பதினோரு அசைகளுக்கு 2048 விதங்கள். இங்கே அடிப்படை எண் 2 ஆதலால் அவர் "இரட்டிக்க" என்றார். நாம் அந்த இடத்தில் "948-ஆல் பெருக்குக" என்று வைத்துக்கொண்டோம். பாதியாக்கிப் பாதியாக்கிப் போகையில் விழும் அடையாளங்களே அந்த எண்ணின் இரும வடிவத்தை வலமிருந்து இடமாகச் சொல்லிவிடுகின்றன. அவற்றைப் பின்னோக்கி வாசிப்பதே நாம் இடமிருந்து வலமாக வாசித்தது. மீதி எடுக்கும் உபாயம் அவருக்குத் தேவைப்படவில்லை. செய்யுளடியின் அசைகள் எண்ணை அவ்வளவு பெரிதாக்குவதில்லை. இந்த ஒற்றுமையை முதன்முதலில் அறிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

கணிப்பொறிக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதற்கு ஐந்தே வரிகள் போதும். பைத்தான் மொழியில், அடுக்கு `e`, அடிப்படை எண் `c`, வகுக்கும் எண் `n` என்று கொண்டால் இப்படி எழுதலாம்:

```
r = 1
for bit in bin(e)[2:]:
    r = r * r % n
    if bit == '1':
        r = r * c % n
```

`r` என்பது 1-இலிருந்து தொடங்குவதால், முதல் இலக்கத்தில் 1-ஐ வர்க்கிக்கும் வீண் வேலை ஒன்றுண்டு; அதனால் கெடுதல் இல்லை. அந்த மொழியிலேயே `pow(948, 157, 2773)` என்று கேட்டாலும் 920 என்று விடை வரும். ஆனால் அந்த மூன்றாவது எண்ணை உள்ளே கொடுக்காமல், அடுக்கை முழுதாகக் கணக்கிட்டபின் வெளியே `%` போட்டு மீதி எடுப்பவர்கள் மேலே சொன்ன காகிதப் பஞ்சத்தை வலிய வரவழைத்துக்கொள்கிறார்கள். சிறு எண்களில் இரண்டும் ஒரே விடை தருவதால் பிழை தெரியாது. பெரிய எண்ணைக் கொடுத்தவுடன் பொறி பதில் சொல்லாமல் நின்றுவிடும்.

பிழைகளில் இதைவிடச் சூக்ஷ்மமானவை உண்டு. மேலே போட்ட கணக்கில் கடைசிப் பெருக்கலை ஒருவர் மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 820, வேண்டியது 920. பார்வைக்கு ஓர் இலக்கம் எழுதுவதில் கை தவறியதுபோலத் தோன்றும். உண்மை அதுவன்று, ஓர் அடுக்கே குறைந்திருக்கிறது, இரண்டு எண்களும் அருகில் வந்தது தற்செயல். மீதிக் கணக்கில் ஏறக்குறைய சரி என்பது கிடையாது. நடுவில் எங்கேனும் ஒன்று பிசகினால் விடை 0-க்கும் 2772-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் போய் விழலாம். விழுந்த இடத்தைப் பார்த்து, தவறு எவ்வளவு பெரிது என்று ஊகிக்க முடியாது.

இன்னொரு பிழை, இலக்கங்களைத் தலைகீழாக வாசித்துவிடுவது. 10011101-ஐ வலமிருந்து இடமாக வாசித்தால் 10111001, அது 185. அந்த அடுக்குக்கு விடை 525 என்று வரும். ஆனால் இதே பிழையுள்ள நிரலைப் பூட்டும் எண்ணாகிய 17-ஐக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்: 17 இருமத்தில் 10001, எப்பக்கம் வாசித்தாலும் ஒன்றே. 920 ஒழுங்காக 948 ஆகிவிடும். இன்று பூட்டுவதற்குப் பெரும்பாலும் வழங்கும் 65537-ம் இப்படிப்பட்டதே. முதலும் கடைசியும் 1, நடுவில் பதினைந்து சூனியங்கள். அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, பதினாறு வர்க்கங்களும் ஒரே ஒரு பெருக்கலும் போதும் என்பதுதான். ஆனால் அதே காரணத்தால், பூட்டுகையில் எல்லாம் சரியாக இருந்து, திறக்கும்போது மட்டும் குப்பை வந்து விழும். ஆகவே இந்த வகை நிரலைச் சோதிப்பவர்கள், முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்க இயலாத ஓர் அடுக்கைக் கட்டாயம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பிழை பொறியின் இடநெருக்கடியால் வருவது. பைத்தான் எண்களை எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும்; ஸி போன்ற மொழிகளில் ஓர் எண்ணுக்கு ஒதுக்கிய இடம் அளவானது. 32 இரும இலக்கங்கள் கொள்ளும் பெட்டியில் 65535-இன் வர்க்கம் அடங்கும்; 65536-இன் வர்க்கம் அடங்காது. வழிந்த பாகம் சத்தமின்றி நறுக்கப்பட்டு, மிஞ்சிய பாகத்திலிருந்து மீதி எடுக்கப்படும். விடை மீதியைப் போன்றே தோற்றமளிக்கும். இதைக் கண்டுபிடிக்க, ஃபெர்மா என்னும் பிரெஞ்சுக்காரர் 1640-இல் எழுதிய ஒரு கடிதத்தில் கூறிய தேற்றம் கை கொடுக்கும். வகுக்கும் எண் ஒரு பகா எண்ணாகவும், அடிப்படை எண் அதன் மடங்கல்லாததாகவும் இருந்தால், அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைந்த அடுக்கின் மீதி எப்போதும் 1. பெட்டியின் கொள்ளளவுக்கு நெருங்கிய ஒரு பெரிய பகா எண்ணை எடுத்துக்கொண்டு, பல அடிப்படை எண்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் 1 அல்லாத விடை வந்தாலும் பொறி எங்கோ வழிந்திருக்கிறது.

பதினொன்றைவிடக் குறைக்கலாமே என்ற ஆசைக்கு முன்பே ஒரு வரம்பு சொன்னேன். ஆனால் இந்த விதி எல்லா அடுக்குகளுக்கும் மிகக் குறைந்த பெருக்கல்களைத் தருவதல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 15-ஆம் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1111, மூன்று வர்க்கங்கள், மூன்று பெருக்கல்கள், ஆக ஆறு. அதற்குப் பதிலாக, இரண்டு பெருக்கல்களில் மூன்றாம் அடுக்கைக் கண்டு, அதையே அடிப்படையாக வைத்து ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால், அதற்கு மூன்று பெருக்கல்கள், ஆக ஐந்தில் வேலை முடிந்துவிடுகிறது. எந்த அடுக்குக்கு எது மிகக் குறுகிய வழி என்று தேடுவது கூட்டல் சங்கிலி என்ற பெயரில் தனி ஆராய்ச்சியாக வளர்ந்திருக்கிறது. நீண்ட அடுக்குகளுக்கு அந்தத் தேடலே, மிச்சமாகும் பெருக்கல்களைவிட அதிகச் செலவு வைத்துவிடும் என்பதால், நடைமுறையில் இலக்கங்களை நான்கைந்தாகச் சேர்த்து வாசிப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

இனி, இந்த முறையின் அழகிலிருந்தே பிறந்த ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். 1-க்கு வர்க்கமும் பெருக்கலும், 0-க்கு வர்க்கம் மட்டும் என்பதுதானே விதி? அப்படியானால் 1-க்கு அதிக நேரம் பிடிக்கும். 1996-ஆம் ஆண்டில் பால் கோச்சர் என்பவர், சங்கேதப் பொறி விடை சொல்ல எடுத்துக்கொள்ளும் காலத்தைப் பல தடவை அளந்து ஒப்பிட்டால், உள்ளே மறைந்திருக்கும் இரகசிய அடுக்கைச் சிறிது சிறிதாக வெளிக்கொணரலாம் என்று காட்டினார். சில ஆண்டுகளில் அவரும் அவருடைய சகாக்களும், காலத்தை மட்டுமன்றி, பொறி உறிஞ்சும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தையும் அளந்து காட்டினார்கள். சட்டைப்பையில் அடங்கும் சில்லு அட்டையொன்றின் மின்சாரத்தை அலைக்கோடாக வரைந்து பார்த்தால், வர்க்கிக்கும்போது ஒரு வடிவமும் பெருக்கும்போது வேறொரு வடிவமும் தெரியக்கூடும். நம் 157-ஐ அந்தக் கோட்டில் வாசித்தால் எப்படியிருக்கும்? வர்க்கம், வர்க்கம், வர்க்கம், பெருக்கல், வர்க்கம், பெருக்கல், வர்க்கம், பெருக்கல், வர்க்கம், வர்க்கம், பெருக்கல். பெருக்கல் தொடராத வர்க்கத்துக்கு 0 என்றும் தொடர்ந்த வர்க்கத்துக்கு 1 என்றும் எழுதி, முன்னால் ஒரு 1 சேர்த்தால் 10011101. வகுக்கும் எண்ணைக் காரணிப்படுத்தும் பெருஞ்சிரமம் எதுவும் வேண்டாம். இரகசியம் கோட்டிலேயே எழுதியிருக்கிறது.

இதற்குப் பரிகாரமாக இன்று வழங்கும் முறைகளுள் ஒன்று, பீட்டர் மாண்ட்கோமரி என்னும் கணிதர் 1987-இல் வேறொரு காரியத்துக்காகக் கூறிய ஏணி முறை. கையில் ஒரு எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று ஏதோ ஓர் அடுக்கு, மற்றது அதற்கு அடுத்த அடுக்கு. வரும் இலக்கம் 0 ஆனால், சிறியதை வர்க்கித்து, இரண்டையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். 1 ஆனால் இரண்டையும் பெருக்கி, பெரியதை வர்க்கிக்க வேண்டும். எந்த இலக்கமானாலும் ஒரு பெருக்கலும் ஒரு வர்க்கமும் நிகழ்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு 1-ம் 0-ம் ஒன்றாகவே தோன்றும். 157-க்கு அந்த அடுக்கு ஜோடிகள் 1, 2-இல் தொடங்கி, 2, 3 என்றும், 4, 5 என்றும், 9, 10 என்றும், 19, 20 என்றும், 39, 40 என்றும், 78, 79 என்றும் ஏறி, 157, 158-இல் முடிகின்றன. ஜோடியைத் தொடங்குவதற்கு ஒரு வர்க்கமும், பிறகு ஏழு இலக்கங்களுக்கு இரண்டிரண்டுமாகப் பதினைந்து பெருக்கல்கள். பதினொன்றுக்கு மேல் நான்கு கூடுதல். நீளத்தின் அளவாகவே செலவு இன்னும் நிற்கிறது. இரகசியத்தின் பொருட்டு அந்த நான்கையும் கொடுப்பது நியாயமான விலை என்றே நான் கருதுகிறேன். முடிவில் கையில் நிற்கும் இரண்டு எண்கள் 920, 1438. முதலாவதை எழுத்தாக மாற்றினால் I, T. இரண்டாவது 158-ஆம் அடுக்கின் மீதி, அதை அழித்துவிடுகிறார்கள்.